சிறுத்தை இல்லாதபோது சிறுத்தையைப் பற்றி

கென்யாவில், கிளிமஞ்சாரோ மலை தெரிகிற தூரத்தில், அம்போசெலி தேசியப் பூங்கா இருக்கிறது. 1970களின் கடைசியில் ராபர்ட் செய்ஃபார்த், டோரத்தி செனி என்ற இளம் தம்பதி அங்கே ஒலிபெருக்கிகளைப் புதருக்குள் ஒளித்துவைத்துவிட்டு, வெர்வெட் குரங்குக் கூட்டங்கள் அந்தப் பக்கம் வருவதற்காகக் காத்திருந்தார்கள். முகம் கறுத்து, உடல் சாம்பல் பூத்து, பூனையைவிடச் சற்றே பெரிதாக இருக்கும் குரங்கு இது. சிறுத்தைக்கும் கழுகுக்கும் மலைப்பாம்புக்கும் இரை. மூன்றுக்கும் அது வெவ்வேறு விதமாகக் கத்துகிறது என்பதை தாமஸ் ஸ்ட்ருசேக்கர் என்ற ஆய்வாளர் 1967-லேயே எழுதிவிட்டார். அந்தக் கத்தல் அர்த்தமுள்ளதா, வெறும் அலறலா என்பது மட்டும் பாக்கி இருந்தது.

இது கேட்பதற்கு எளிதான கேள்விபோல் இருக்கும். ஒரு குரங்கு கத்துகிறது, மற்றவை மரத்தில் ஏறுகின்றன. உடனே ‘அது சிறுத்தை என்று சொன்னது, இவை புரிந்துகொண்டன’ என்று நாம் முடிவுகட்டிவிடுவோம். ஆனால் இன்னொரு விளக்கமும் பொருந்தும். கத்திய குரங்குக்குப் பயம். பயத்தின் அளவுக்கு ஏற்பச் சத்தம் மாறுகிறது. சத்தம் கேட்ட மற்றவை திரும்பிப் பார்க்கின்றன, சிறுத்தையைத் தம் கண்ணாலேயே காண்கின்றன, ஓடுகின்றன. இந்த விளக்கத்தில் கத்தல் எதையும் ‘சொல்லவில்லை’, எழுப்பிவிட்டது, அவ்வளவுதான். இரண்டில் எது சரி என்று பார்க்க ஒரே வழி, சிறுத்தையை எடுத்துவிட்டுக் கத்தலை மட்டும் விட்டுவைப்பது.

அதைத்தான் செனியும் செய்ஃபார்த்தும், பறவைப் பாடல்களை ஆராய்ந்து பேர் பெற்ற பீட்டர் மார்லரோடு சேர்ந்து செய்தார்கள். நிஜமான சிறுத்தையையோ கழுகையோ பாம்பையோ பார்த்து ஒரு குரங்கு கத்தும்போது அதைப் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு, அக்கம்பக்கத்தில் எந்த ஆபத்தும் இல்லாத நேரம் பார்த்து, அதே கூட்டத்துக்கு அந்தப் பதிவை ஒலிபரப்பினார்கள். ஒலிபரப்புவதற்கு முன்னும் பின்னும் குரங்குகள் என்ன செய்தன என்பதைப் படம்பிடித்தார்கள். பயத்தின் அளவுதான் சேதி என்றால் சத்தத்தைக் கூட்டினாலும் நீட்டினாலும் விளைவு மாற வேண்டும். எனவே ஒரே கத்தலை உரக்கவும் மெதுவாகவும், நீளமாகவும் குறுக்கியும் போட்டுப் பார்த்தார்கள்.

1980-ல் வெளியான முடிவு இது. தரையில் இருந்த குரங்குகள் சிறுத்தைக் கத்தலைக் கேட்டதும் மரத்துக்கு ஓடின. கழுகுக் கத்தலைக் கேட்டதும் வானத்தை அண்ணாந்து பார்த்தன, அல்லது புதருக்குள் புகுந்தன. பாம்புக் கத்தலுக்குப் பின்னங்காலில் எழுந்து நின்று சுற்றிலும் புல்லைக் குனிந்து பார்த்தன. சிறுத்தை புதரில்தான் பதுங்கும், ஆகவே புதர் ஆபத்து, நுனிக்கிளை பாதுகாப்பு. கழுகோ மரத்து உச்சியிலிருந்தே தூக்கிவிடும், ஆகவே மரம் ஆபத்து, புதர் பாதுகாப்பு. ஒன்றுக்கு உகந்த தப்பிப்பு மற்றதற்குச் சாவு. இதெல்லாம் கண்ணில் எதுவும் படாமலே, ஒலிபெருக்கியின் சொல்லை நம்பியே நடந்தது. சத்தத்தின் அளவை மாற்றியது இந்த வேறுபாட்டைக் கலைக்கவில்லை.

குட்டிகள் இன்னும் சுவாரஸ்யம். அவையும் கழுகுக் கத்தலைக் கத்துகின்றன, ஆனால் ஆபத்தில்லாத பறவைகளைப் பார்த்தும் கத்துகின்றன, சில வேளை உதிரும் இலையைப் பார்த்துக்கூட. ஆனாலும் எதற்கெடுத்தாலும் எதையாவது கத்துவதில்லை. வானத்திலிருந்து வருவதற்குக் கழுகுக் கத்தல் என்ற வரம்பு முதலிலேயே இருக்கிறது. வளர வளர அது சுருங்கி, உண்மையிலேயே குரங்கைத் தூக்கும் மார்ஷியல் கழுகில் வந்து நிற்கிறது.

குரங்குக்கும் சொற்கள் உண்டு என்று பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட்டத்தில் தவறில்லை. ஆனால் சொல் இருப்பதும் மொழி இருப்பதும் ஒன்றா?

இதை அளக்க ஒரு பட்டியல் ஏற்கெனவே கைவசம் இருந்தது. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஹாக்கெட் 1960-ல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மனித மொழியின் 13 வடிவமைப்புக் கூறுகளை வரிசைப்படுத்தி, தேனீ நடனம், பறவைப் பாடல், கிப்பன் குரங்கின் கத்தல், ஏன், வாத்திய இசையைக்கூட அந்த அளவுகோலில் நிறுத்திப் பார்த்தார். பட்டியலின் முதல் கூறு ‘வாயால் ஒலித்துக் காதால் கேட்பது’. அதே 1960-ல்தான் வில்லியம் ஸ்டோக்கி, அமெரிக்கக் காதுகேளாதோரின் சைகை மொழி முழுமையான இலக்கணம் உள்ள மொழியே என்று காட்டும் ஆய்வை வெளியிட்டார். முதல் கூறு அந்த வருஷமே ஆட்டம் கண்டது. ஆகவே ஹாக்கெட்டின் பட்டியலை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதில் உள்ள இரண்டு கூறுகள் இன்றுவரை அசையவில்லை. ஒன்று, இங்கே இப்போது இல்லாததைப் பற்றிப் பேசுவது. ஆங்கிலத்தில் ‘டிஸ்பிளேஸ்மென்ட்’ என்கிறார்கள். தமிழில் விலகல் என்று வைத்துக்கொள்வோம். மற்றது, இதுவரை யாரும் சொல்லாததைச் சொல்வதும், சொன்னால் மற்றவருக்குப் புரிவதும். அது ஆக்கத்திறன்.

‘போன தீபாவளிக்கு என் பாட்டி வளர்த்த சிறுத்தை முறுக்கு சுட்டது.’ இந்த வாக்கியத்தை இதற்கு முன் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். தீபாவளி போய்விட்டது, சிறுத்தை இருந்ததே இல்லை, சொன்னது பொய். இருந்தும் படிக்கிறவருக்கு ஒரு நொடி தடங்கலில்லை. விலகலும் ஆக்கத்திறனும் ஒரே வாக்கியத்தில் வேலை செய்கின்றன. வெர்வெட்டின் சிறுத்தைக் கத்தல் இந்த இரண்டில் எதைச் செய்கிறது?

செனியும் செய்ஃபார்த்தும் அம்போசெலியிலேயே இதற்கும் ஒரு சோதனை வைத்தார்கள். சிறுத்தை தன் இரையை மரத்தின் மேல் இழுத்துப்போட்டு வைத்துச் சாப்பிடும். கிளையில் ஒரு மான் தொங்கினால் சிறுத்தை அருகில் இருக்கிறது என்று அந்தக் காட்டில் நடக்கும் மனிதர் யாரும் ஊகித்துவிடுவார். ஆய்வாளர்கள் கெசல் மான் ஒன்றின் உடலைப் பாடம்செய்து, விடியுமுன் குரங்குகள் தூங்கும் மரத்துக்கு அருகே கிளையில் தொங்கவிட்டார்கள். குரங்குகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, ஒன்றும் கத்தவில்லை. மலைப்பாம்பு ஊர்ந்துபோன தடம் மண்ணில் தெளிவாகப் பதிந்திருக்கும்போதும் அப்படித்தான். தடத்தைத் தாண்டிப் போய்ப் புதருக்குள் பாம்பிடமே மாட்டிக்கொண்டு, அதன் பிறகு பாம்புக் கத்தல் கத்திய குரங்குகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சிறுத்தை எதிரே நின்றால் சிறுத்தைக் கத்தல் வரும். சிறுத்தையின் அடையாளம் மட்டும் எதிரே இருந்தால் வராது. போய்விட்ட சிறுத்தை, வரக்கூடிய சிறுத்தை, ‘சிறுத்தை இல்லை, இறங்கலாம்’ என்ற சேதி எதற்கும் அந்தக் கத்தலில் இடமில்லை. ‘இல்லை’ என்று சொல்வதற்கே விலகல் வேண்டும் என்பதை நாம் யோசிப்பதில்லை.

விலகல் மனிதருக்கு மட்டுமே என்று கோடு போட்டுவிடலாமா என்றால், அங்கேதான் சுமத்ராவின் ஒராங்குட்டான்கள் குறுக்கே வருகின்றன. அட்ரியானோ லமெய்ராவும் ஜோசப் காலும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் புலிக்கோடு போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, ஒராங்குட்டான் தாய் உட்கார்ந்திருக்கும் மரத்தின் கீழே நாலு காலில் தவழ்ந்து போனார். (அறிவியலுக்காக மனிதர் செய்யும் வேலைகளில் இதற்குத் தனி இடம் தரவேண்டும்.) தாய்கள் உடனே கத்தவில்லை. குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல், மேலே ஏறின. அந்த ‘புலி’ கண்ணைவிட்டு மறைந்த பிறகே பல தாய்கள் எச்சரிக்கை ஒலி எழுப்பின. சராசரியாக ஏழு நிமிடம் கழித்து. இது பயத்தில் உறைந்துபோனதால் அல்ல என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். ஏறவும் குட்டியைப் பார்த்துக்கொள்ளவும் தாயால் முடிந்தது. புலி காதில் விழும்படி கத்துவதை மட்டும் தள்ளிப்போட்டது.

ஏழு நிமிடம் சிறிய விலகல்தான், ஆனாலும் விலகல். அதற்கு மேல் இதிலிருந்து கறக்க முடியாது. ‘நேற்று வந்தது’ என்பதற்கும் ‘இப்போதுதான் போனது’ என்பதற்கும் அந்த ஒலியில் வேறுபாடு இருப்பதாக யாரும் காட்டவில்லை.

விலகலில் உண்மையான கெட்டிக்காரர் குரங்கினத்திலேயே இல்லை. தேனீ. பூ கண்டுபிடித்துவந்த தேனீ, கூட்டின் இருட்டில், செங்குத்தான அடையின் மேல் உடலை ஆட்டிக்கொண்டு நேர்கோட்டில் ஓடுகிறது. கோடு செங்குத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ, சூரியனிலிருந்து அத்தனை பாகை விலகிப் பறக்க வேண்டும். ஆட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு தூரம். உத்தேசமாக ஒரு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். இதைப் படித்தறிந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. பூ அங்கே, பேச்சு இங்கே. விலகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திசையும் தூரமும் எப்படி மாறினாலும் ஆட்டம் அதற்கேற்ப மாறும் என்பதால், இதுவரை எந்தத் தேனீயும் ஆடாத ஆட்டத்தை ஒரு தேனீ ஆடலாம். மற்றவை புரிந்துகொள்ளும்.

அப்படியானால் ஆக்கத்திறனும் இருக்கிறதா? ஃபிரிஷ் அதையும் சோதித்தார். ஒரு வானொலிக் கோபுரத்தின் அடியில் தேன்கூட்டை வைத்து, சில தேனீக்களைக் கோபுரத்தின் மேலே, சுமார் 50 மீட்டர் உயரத்தில், சர்க்கரைப் பாகுக்கு அழைத்துப்போனார். அவை கீழே வந்து உற்சாகமாக ஆடின. கூட்டில் இருந்தவை கிளம்பின. சுற்றிலும் இருந்த வெளியெங்கும் தேடின. தலைக்கு நேர் மேலே இருந்ததை ஒன்றுகூடக் கண்டுபிடிக்கவில்லை. தேனீயின் நடனத்தில் ‘மேலே’ கிடையாது. பூக்கள் மேகத்தில் முளைப்பதில்லை என்பதால் அதற்குத் தேவையும் வந்ததில்லை. எண்ணிலடங்காத சேதிகள், ஆனால் எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றி. வழக்கத்துக்கு மாறான தேவை வந்தால், இருக்கும் கருவிகளைக் கொண்டு புதிதாக ஒன்றைச் செய்துகொள்வதுதான் மனிதப் பேச்சில் குழந்தைகூடச் செய்வது. தேனீ அங்கே நின்றுவிடுகிறது.

அதே இடத்தில் குரங்கை நிறுத்திப் பார்க்கும் சோதனை ஒன்று செனகலில் நடந்தது. வெர்வெட்டின் மேற்கு ஆப்பிரிக்க உறவான பச்சைக் குரங்குகள் அங்கே சிறுத்தைக்கும் பாம்புக்கும் கத்துகின்றன. கழுகுக்குக் கத்திக் கேட்டதாக ஆய்வாளர்களிடம் பதிவில்லை. ஜூலியா ஃபிஷரின் குழு அவற்றின் தலைக்கு மேல் ஒரு டிரோனைப் பறக்கவிட்டது. குரங்குகள் வாழ்நாளில் பார்த்திராத பொருள். கத்தின. அந்தக் கத்தலை அலசியபோது, அது ஆப்பிரிக்காவின் மறு கோடியில் இருக்கும் வெர்வெட்டின் கழுகுக் கத்தலுக்கு ஆச்சரியமான அளவுக்கு நெருக்கமாக இருந்தது. இரண்டு இனங்களும் பிரிந்து சுமார் 35 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அதாவது, புதிய பொருளுக்குப் புதிய ஒலியை அவை ஆக்கவில்லை. பரம்பரையாக உடம்பில் வந்த பழைய ஒலி வெளிப்பட்டது.

இதே ஆய்வில் இன்னொரு பாதி இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. டிரோனை ஓரிரு முறை மட்டுமே கேட்ட குரங்குகளுக்கு, பிறகு டிரோனின் இரைச்சலை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். அவை வானத்தை அண்ணாந்து தேடின. புதிய ஒலிக்குப் புதிய பொருளைப் பிடித்துக்கொள்ள ஒன்றிரண்டு அனுபவமே போதுமாக இருந்தது. கேட்பதில் குரங்கு மகா கெட்டி. சொல்வதில்தான் கை கட்டப்பட்டிருக்கிறது. விலங்குத் தொடர்பைப் பற்றிய பல குழப்பங்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசுவதால் வருபவை. அம்போசெலியின் பழைய பதிவுகளை ஃபிஷரின் குழுவினர் 2015-ல் கணினியில் மறுபடி அளந்தபோதும் இதே பக்கம்தான் சாய்ந்தது: கத்தல்கள் தனித்தனிச் சொற்கள்போல் அறுத்துப் பிரிந்து நிற்கவில்லை, ஒன்றோடொன்று சாயலில் கலந்தன. சிறுத்தைக் கத்தலை ஒத்த ஒலிகள் குரங்குகளின் சொந்தச் சண்டைகளிலும் வந்தன. சூழலைப் பார்த்துப் பொருள் கொள்ளும் வேலையில் பெரும்பங்கு கேட்கும் குரங்கினுடையது.

சொல்வதில் கை கட்டப்படாத விலங்குகளும் உண்டே, பாடும் பறவைகள்? வட அமெரிக்காவின் பிரவுன் த்ராஷர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டு வகைகளைப் பாடும். குரங்குபோல் பிறவியிலேயே வந்ததும் அல்ல. பாடும் பறவைகள் மூத்த பறவைகளைக் கேட்டுக் கற்கின்றன, இடத்துக்கு இடம் வட்டார வழக்குகூட உண்டு. ஒலியைக் கலைத்துக் கோப்பதில் மனிதருக்குச் சளைத்தவை அல்ல. பொருளில்தான் இடிக்கிறது. தமிழில் ‘கடல்’ என்பதில் முதல் எழுத்தை மாற்றினால் ‘உடல்’, ‘மடல்’ என்று வேறு வேறு பொருள் கிடைக்கிறது. ‘க’ என்ற ஒலிக்கு அங்கே தனியாகப் பொருள் இல்லை, ஆனால் அதை மாற்றினால் பொருள் மாறுகிறது. பறவை எழுத்தை மாற்றுகிறது, சேதி மாறுவதில்லை.

சேதி என்ன என்பதை இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டு அருகே ஒரு காட்டில் ஜான் கிரெப்ஸ் பார்த்துவிட்டார். அங்கும் ஒலிபெருக்கிதான். தத்தம் எல்லையைக் காத்துவந்த கிரேட் டிட் ஆண் பறவைகளைப் பிடித்து அகற்றிவிட்டு, சில எல்லைகளில் அவற்றின் பாட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டார்கள்; மற்றவற்றை மௌனமாக விட்டார்கள். மௌனமான இடங்களைப் புதுப் பறவைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டன. பாட்டு ஓடிய இடங்களுக்குத் தாமதமாக வந்தன. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்ட இடத்தைவிட, பல பாட்டுகள் மாறி மாறி ஒலித்த இடம் இன்னும் அதிக நேரம் தாக்குப்பிடித்தது. ஆக, பாட்டின் வகை கூடக் கூடச் சேதி கூடவில்லை; ‘இது என் இடம்’ என்ற ஒரே சேதிக்கு வலு கூடியது. துணையை ஈர்ப்பதையும் சேர்த்தால் இரண்டு சேதி.

பாட்டை விட்டுவிட்டு அழைப்புகளைப் பார்த்தவருக்குத்தான் பறவையிடம் வேறொன்று கிடைத்தது. கிரேட் டிட் குடும்பத்தைச் சேர்ந்த, நம்மூர்ப் பட்டாணிக்குருவிக்கும் உறவான ஜப்பானிய டிட் பறவையை நகானோ மாவட்டக் காடுகளில் பல ஆண்டுகளாகப் பின்தொடர்பவர் தோஷிதகா சுசுகி. இந்தப் பறவை பல குறிப்புகளை வைத்திருக்கிறது. அவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று பெயரிட்டார்கள். ஏபிசி என்று சேர்த்து ஒலித்தால் கேட்கும் பறவைகள் தலையை இடமும் வலமும் திருப்பி ஆபத்தைத் தேடும். டி என்று ஒலித்தால் ஒலித்தவரை நோக்கிப் பறந்து வரும். ஆந்தை போன்ற பகையைக் கூட்டமாகச் சேர்ந்து விரட்டும்போது ‘ஏபிசி-டி’ என்று தொடுக்கின்றன. 2016-ல் வெளியான சோதனையில் அதை ஒலிபரப்பியபோது பறவைகள் இரண்டையும் செய்தன: சுற்றிப் பார்த்துக்கொண்டே நெருங்கின. பிறகு வரிசையைத் திருப்பி ‘டி-ஏபிசி’ என்று போட்டார். அதே ஒலிகள், அதே எண்ணிக்கை. பறவைகள் பெரும்பாலும் அசையவில்லை.

வரிசை முக்கியம் என்றால் அது இலக்கணத்தின் வாசற்படி. ஆனால் ஒரு சந்தேகம் நியாயமானது: ‘ஏபிசி-டி’ என்பதை முழுசாக ஒரே ஒலியாகவே பறவை மனப்பாடம் செய்திருக்கலாம், நாம் ‘வணக்கம்’ என்று பிரிக்காமல் சொல்வதுபோல. அப்படியென்றால் அதில் ஆக்கத்திறன் ஏதுமில்லை. இதை உடைக்க, பறவை வாழ்நாளில் கேட்டிராத ஒரு தொடரைக் கொடுக்க வேண்டும்.

சுசுகியின் அடுத்த யோசனை அழகானது. குளிர்காலத்தில் ஜப்பானிய டிட்டும் வில்லோ டிட் என்ற வேறு இனமும் ஒரே கூட்டமாக இரை தேடுகின்றன. வில்லோ டிட்டிடம் ‘இங்கே வா’ என்பதற்கு வேறொரு ஒலி இருக்கிறது. டி போலவே இருக்காது, ஆனால் ஜப்பானிய டிட் அதைக் கேட்டாலும் வரும். சுசுகி ஜப்பானிய டிட்டின் ஏபிசியோடு வில்லோ டிட்டின் அந்த ஒலியை ஒட்டினார். எந்தப் பறவையும் ஒலித்திராத, இரண்டு இனங்களைக் கலந்த தொடர். 2017-ல் வெளியான இந்த ஆய்வில் ஜப்பானிய டிட்டுகள் சுற்றிப் பார்த்துக்கொண்டே நெருங்கின. ஒட்டியதைத் தலைகீழாக்கிப் போட்டபோது, அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

கேட்கும் பக்கத்தில் இதை ஆக்கத்திறன் என்று ஒப்புக்கொள்வதில் தயங்க வேண்டியதில்லை. அதன் எல்லையும் அதே சோதனையிலேயே தெரிகிறது. தொடரில் இரண்டு துண்டு, ஒரு வரிசை; மூன்றாவது துண்டைச் சேர்த்து ‘அந்த மரத்துக்கு அருகே’ என்றோ ‘நாளைக்கு’ என்றோ நீட்டும் வழி இதுவரை தென்படவில்லை. தேனீயிடம் தூரமும் திசையும் உண்டு, கோக்கும் முறை இல்லை. பட்டாணிக்குருவியின் உறவிடம் கோக்கும் முறை உண்டு, ஆனால் அது கோத்துச் சொல்வதெல்லாம் எதிரே கிளையில் உட்கார்ந்திருக்கும் ஆந்தையைப் பற்றி. இரண்டும் ஒரே விலங்கிடம் ஒன்றுசேர்ந்து வேலை செய்வதைத் தேடித்தான் ஆய்வாளர்கள் இன்றும் காடுகளில் ஒலிபெருக்கிகளை ஒளித்துவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.